தோற்றவர் கதையில் பாதியைத்தான் கேட்கிறோம்

பெருமாள்மலையிலிருந்து பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் இறங்கிப் போய் மலைவாழை என்று பேச்செடுத்தால், வயதான விவசாயிகளிடமிருந்து பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "வாழையா? வேண்டாம்ப்பா. போட்டவங்க எல்லாம் தொலைஞ்சாங்க." இந்தப் பதிலுக்குள் ஒரு நம்பிக்கை இருக்கிறது. இன்னொருவன் தோற்ற கதையே சிறந்த பாடம், அவன் செய்ததைச் செய்யாமல் விட்டால் நாம் பிழைத்துக்கொள்ளலாம் என்பதே அது. விவசாயம், வியாபாரம், படிப்பு என்று எல்லா இடத்திலும் இதையே சொல்லிக் கொடுக்கிறோம். இந்த நம்பிக்கை தவறு என்கிறேன். கீழ்ப்பழனி மலையின் வாழையே அதற்குச் சாட்சி.

தோல்வி நடந்தது உண்மை. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மானாவாரியாக, ஒரே குத்தில் ஆண்டுக்கணக்காகக் காய்த்துவந்த விருப்பாச்சி வாழை, ஒரு காலத்தில் இந்த மலைகளில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்ததாகச் சொல்வார்கள். 1970களில் முடிக்கொத்து நோய் பரவிய பிறகு அது 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் பழம் இது. 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அந்தப் பெயருக்கு உரிய தோட்டங்களில் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

"வாழை போட்டார்கள், அழிந்தார்கள்" என்ற கதையில் விளைவு மட்டும்தான் இருக்கிறது. காரணம் இல்லை. முடிக்கொத்து ஒரு வைரஸ் நோய். அது இரண்டே வழிகளில்தான் பரவும். ஒன்று, நோயுள்ள குத்திலிருந்து பெயர்த்து நட்ட பக்கக் கன்று. இன்னொன்று, இலையுறைக்குள்ளும் தண்டின் அடியிலும் ஒட்டி வாழும் கறுத்த வாழை அசுவினி. மண்ணால் பரவாது, வெட்டிய அரிவாளாலும் பரவாது. இது தெரிந்துவிட்டால் கதையின் பொருளே மாறிவிடும். தோற்றவர் வாழை போட்டதால் தோற்கவில்லை. எந்தக் கன்றைப் போட்டார், பக்கத்தில் எது நின்றது, நோயை எப்போது கண்டார், கண்டபின் என்ன செய்தார் என்பவைதான் முடிவைத் தீர்மானித்தன. இந்த நான்கும் நம் காதுக்கு வந்துசேருவதே இல்லை.

இதே நோயில் ஆஸ்திரேலியா நமக்கு முன்பே விழுந்தது. 1913 வாக்கில் அங்கே நுழைந்த நோய், 1920களின் நடுவில் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதித் தோட்டங்களை ஏறக்குறைய முழுவதும் சாய்த்துவிட்டது. ஆனாலும் அந்த நாடு வாழைத் தொழிலையே கைவிட்டுவிடவில்லை. மேகி என்ற ஆய்வாளர் அசுவினிதான் நோயைச் சுமக்கிறது என்று காட்டினார். அதன் பிறகு சட்டம் வந்தது. சோதித்த கன்றை மட்டுமே நட வேண்டும், ஆய்வாளர்கள் தோட்டம் தோட்டமாக நடக்க வேண்டும், நோய் கண்ட குத்தை உடனே அழிக்க வேண்டும் என்றார்கள். தொழில் எழுந்து நின்றது. நோய் இன்றும் அங்கே முழுக்கப் போய்விடவில்லை, அடக்கி வைத்திருக்கிறார்கள்.

இங்கே ஒரு எதிர்ப்பிழையும் காத்திருக்கிறது. "ஆஸ்திரேலியா ஜெயித்தது, அதையே செய்வோம்" என்று குதிப்பதும் அதே குருட்டுத்தனம்தான். அங்கே தனி வாழைத்தோட்டம், அளந்த எல்லை, சட்டத்தின் கை. இங்கே காப்பிச் செடிக்கும் மிளகுக்கும் நடுவே சிதறி நிற்கும் குத்துகள். ஓடையோரத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் வளர்ந்து கிடக்கும் வாழை வேறு. அவர்களுடைய ஆய்வாளர் படையை நாம் கனவு காண்பதில் பயனில்லை.

அப்படியானால் எதை எடுத்துக்கொள்வது? அங்கே அளந்து பார்த்ததில், புதிதாக நோய் கண்ட குத்துக்கும் அதற்கு நோய் தந்த குத்துக்கும் இடையே சராசரித் தூரம் 15 முதல் 17 மீட்டர்தான். அசுவினி பெரும்பாலும் அக்கம்பக்கத்துக்கே போகிறது என்ற அறிவு கடல் தாண்டி வரும். ஒரு குத்தில் நோய் கண்டால் மலை முழுவதையும் தேட வேண்டியதில்லை, அதைச் சுற்றி இருபது முப்பது மீட்டரை முதலில் குத்துக் குத்தாகப் பார்க்க வேண்டும் என்பது இங்கும் செல்லும்.

நாள் கணக்கு மட்டும் வராது. அசுவினி கடித்த பிறகு நோய்க்குறி வெளியே தெரிய ஆஸ்திரேலியாவில் கோடையில் 19 நாள் ஆனது, குளிர்காலத்தில் 125 நாள் வரை இழுத்தது. காரணம் எளிமையானது. குறி அடுத்து விரியும் புதிய இலைகளில்தான் தெரியும், குளிரில் இலை விரிவதே மெதுவாகும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெருமாள்மலைக்காரர், கீழே சமவெளியில் ஒருவர் "ஒரு மாதம் பார்த்தேன், சுத்தமாக இருந்தது, அப்புறம் கன்று எடுத்தேன்" என்று சொன்னதைக் கேட்டு அதே ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டால் நோயுள்ள கன்றையே நடுவார். அவர் எண்ண வேண்டியது நாளை அல்ல, இலையை. சந்தேகமான குத்து வரிசையாகச் சில புதிய இலைகளை விரிக்கும் வரை அதிலிருந்து கன்று எடுக்கக் கூடாது. விரியும் இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, காம்பிலும் நடுநரம்பின் அடிப்புறத்திலும் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்று ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாகும் வரை காத்திருந்தால் அசுவினி பக்கத்துக் குத்துக்குப் போயிருக்கும்.

அழிப்பதிலும் ஒரு வரிசை உண்டு. தோற்றவர்களில் பலர் நோயைக் கண்டவுடன் ஆத்திரத்தில் வெட்டிச் சாய்த்திருப்பார்கள். வெட்டினால் அசுவினி இடம் பெயரும். முதலில் மருந்தடித்து அசுவினியைக் கொல்ல வேண்டும், பிறகுதான் குத்தைக் கிழங்கோடு அழிக்க வேண்டும். "வெட்டிப் பார்த்தேன், அப்பவும் நிக்கல" என்ற வாக்கியத்தைக் கேட்பவர், இந்த நோயை அடக்கவே முடியாது என்று முடிவுகட்டிவிடுகிறார். சொன்னவர் பொய் சொல்லவில்லை. எந்த வரிசையில் செய்தீர்கள் என்று கேட்காதது நம் தவறு.

திசு வளர்ப்புக் கன்று வாங்கினால் போதும் என்ற பேச்சையும் இங்கேயே மறுத்துவிடுகிறேன். தாய்ச்செடியை வைரஸ் சோதனை செய்து எடுத்த கன்று சுத்தமாகவே வரும். அது வந்து நிற்கும் தோட்டத்தின் ஓரத்தில் நோயுள்ள பழைய குத்து இருந்தால், சுத்தம் ஒரு பருவம்கூடத் தாங்காது.

வாழை மட்டுமல்ல, பழனி மலையின் காப்பியையும் பாருங்கள். 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் அங்கே காப்பியையே ஒழித்து, மலைகளைத் தேயிலைக்கு மாற்றியது. இலங்கையின் கதையை மட்டும் கேட்டு இங்கே எல்லோரும் காப்பியைப் பிடுங்கியிருந்தால் தாண்டிக்குடியில் இன்று காப்பி ஆராய்ச்சி நிலையம் இருந்திருக்காது. அதே துரு இந்தியாவுக்கும் வந்தது. நிழல் மரமும் நோய் தாங்கும் ரகமும் இங்கே காப்பியை நிற்க வைத்தன.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தோல்வியைச் சொல்லும்போது, கன்று எந்த ஊரிலிருந்து வந்தது, முதல் கீற்றை எந்த மாதத்தில் பார்த்தீர்கள், பக்கத்துத் தோட்டம் எத்தனை அடி தள்ளி இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்கும் இளைஞர்களே, அவர்கள் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேட்டுக்கொண்ட விவரத்தோடு அங்கே போய்ப் பேசிவிட்டு, அதன் பிறகு வாழை போடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.