இ.எம்.ஐ ஆயிரம் ரூபாய்தான் ஏறுச்சா? அசல் எவ்வளவு குறையுதுன்னு பாத்தீங்களா?

2023-ல ஒரு ஞாயித்துக்கிழமை, வடமதுரைல திருச்சி ரோட்டோரம் டீக்கடைல உக்காந்திருந்தோம். என் மச்சான் போனைக் காட்டிச் சொன்னான்: "மாப்ள, எல்லாரும் வட்டி ஏறிடுச்சுன்னு புலம்புறாங்க. எனக்கு ஆயிரம் ரூபாய்தான் ஏறிருக்கு. பரவால்ல." பேங்க் ஆப்ல ரெண்டு நம்பர் இருந்துச்சு. மாதத் தவணை 16,519. மீதித் தவணைகள் 348.

அவன் பார்த்தது முதல் நம்பர் மட்டும்தான். நான் ரெண்டாவதைக் காட்டினேன். 348-ஐ 12-ஆல வகுத்தா 29 வருஷம். அவன் எடுத்ததே 20 வருஷக் கடன், அதுல ஒரு வருஷம் கட்டியும் முடிச்சாச்சு. அப்புறம் எப்படி 29 பாக்கி? அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் லேப்டாப்ல போட்ட கணக்குதான் இந்தப் பதிவு. புரிய எளிமையா இருக்கணும்னு எண்களை முழு எண்ணா மாத்தியிருக்கேன். மற்றபடி நடந்தது இதுதான்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடுறேன். லோன் வாங்குற அன்னைக்கு பேங்க் தர்ற தவணை அட்டவணை, அன்னைய வட்டிக்குப் போட்ட கணக்கு. மாறும் வட்டிக் கடன்ல முதல் வட்டி மாற்றத்தோட அது செத்துப்போயிடும். அதனால உங்க அட்டவணையை நீங்களே வச்சிருக்கணும்.

ஒவ்வொரு மாசமும் என்ன நடக்குது?

மச்சானோட கடன் 20 லட்சம், 7% வட்டி, 240 மாசம். தவணை 15,506 ரூபாய். முதல் மாசம் 20 லட்சத்துக்கு ஒரு மாச வட்டி, அதாவது 7 சதவீதத்துல பன்னிரண்டுல ஒரு பங்கு: 11,667 ரூபாய். தவணைல இதுதான் முதல்ல கழியும். மிச்சம் 3,839 ரூபாய் மட்டும்தான் அசலுக்குப் போகும். பாக்கி 19,96,161.

ரெண்டாவது மாசம் அந்தப் புது பாக்கிக்கு வட்டி 11,644. அசலுக்கு 3,862. அவ்வளவுதாங்க சூத்திரம். பாக்கிக்கு வட்டி போடு, தவணைல கழி, மிச்சத்தை அசல்ல குறை, அடுத்த மாசம் திரும்பவும் அதையே செய்.

இப்படியே போனா முதல் வருஷம் கட்டின 1,86,072 ரூபாய்ல அசலுக்குப் போனது 47,579 மட்டும். வட்டி 1,38,493. அசல் பங்கு வட்டிப் பங்கை முந்துறது 122-வது மாசம், அதாவது பத்து வருஷம் தாண்டி. இதுல பேங்க் எந்தத் தில்லுமுல்லும் பண்ணல. ஆரம்பத்துல பாக்கி பெருசு, அதனால வட்டியும் பெருசு.

ஷீட்டை இப்படிப் போடுங்க

எக்ஸெல்லோ கூகுள் ஷீட்டோ எதுவானாலும் சரி. முதல் வரிசைல தலைப்பு: மாதம், ஆரம்ப பாக்கி, வட்டி, தவணை, வட்டிப் பங்கு, அசல் பங்கு, இறுதி பாக்கி. ரெண்டாவது, மூணாவது வரிசைல இது:

```
A2: 1
B2: 2000000
C2: 7%
D2: 15506
E2: =ROUND(B2*C2/12,0)
F2: =D2-E2
G2: =B2-F2

A3: =A2+1
B3: =G2
C3: =C2
D3: =D2
```

`E2:G2`-ஐ மூணாவது வரிசைக்கு இழுங்க. அப்புறம் மூணாவது வரிசை முழுசையும் 241-வது வரிசை வரைக்கும் இழுங்க. கடைசி வரிசைல பாக்கி கிட்டத்தட்ட பூஜ்ஜியம் வந்தா கணக்கு சரி. தவணை தெரியலன்னா ஏதாவது காலி செல்லுல `=PMT(7%/12,240,-2000000)` போடுங்க.

நிறைய பேர் `IPMT`, `PPMT` வச்சு அட்டவணை போடுவாங்க. அதுல கடைசி வரைக்கும் ஒரே வட்டின்னு வச்சுதான் கணக்கு வரும். நம்ம கடன்ல வட்டி நடுவுல மாறும். அதனாலதான் வட்டிக்குன்னு தனியா C பத்தி. எந்த மாசம் வட்டி மாறுதோ அந்த வரிசைல புது வட்டியைத் தட்டினா, கீழ இருக்குற எல்லாம் தானா மாறும்.

49 ரூபாய்

இப்ப நிஜக் கதைக்கு வருவோம். 2019 அக்டோபர் 1-லருந்து பேங்க்குகள் புதுசா தர்ற மாறும் வட்டி வீட்டுக் கடனை வெளி அளவுகோலோட இணைக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. பெரும்பாலும் அது ரெப்போ. 2022 மே மாசம் வரை 4% இருந்த ரெப்போ, ஆறு தடவை ஏறி 2023 பிப்ரவரில 6.5% ஆச்சு. மொத்தம் 2.5. மச்சானோட 7% வட்டி 9.5% ஆயிடுச்சு. படிப்படியா ஏறினதை இங்க ஒரே தாவலா வச்சுக்குறேன்.

ஷீட்ல 13-வது மாசம், அதாவது `C14`-ல 9.5% தட்டினோம். பாக்கி 19,52,421. அதுக்கு மாச வட்டி 15,457. பழைய தவணை 15,506. அசல் பங்குல வந்து நின்னது 49 ரூபாய். மச்சான் ஸ்க்ரீனையே பாத்துட்டு இருந்தான். "15,506 கட்டி கடன் 49 ரூபாய்தான் குறையுமா?" ஆமா. அதே தவணைல போனா கடன் முடிய 729 மாசம், கிட்டத்தட்ட 61 வருஷம். வட்டி இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா தவணை வட்டிக்கே பத்தாம, கட்டக் கட்ட கடன் வளர்ந்திருக்கும்.

61 வருஷம் எந்த பேங்க்கும் தராது. அதனால அவங்க செஞ்சது, மொத்தக் காலத்தை 30 வருஷம் வரை இழுத்து, அதுக்கும் பத்தாததை மட்டும் தவணைல ஏத்தினாங்க. அப்படி வந்ததுதான் 16,519.

சரி, மீதி 228 மாசத்துலயே முடிக்கணும்னா? `=PMT(9.5%/12,228,-1952421)` போட்டோம். 18,525 ரூபாய். ரெண்டுக்கும் வித்தியாசம் மாசம் 2,006. இப்ப மொத்தத்தைப் பாருங்க. 16,519 வீதம் 348 மாசம் கட்டினா சுமார் 57.49 லட்சம். 18,525 வீதம் 228 மாசம் கட்டினா சுமார் 42.24 லட்சம். "ஆயிரம் ரூபாய்தான ஏறிருக்கு"ன்னு விட்டதோட விலை 15 லட்சத்துக்கு மேல, கூடவே பத்து வருஷம்.

தேர்வு உங்களோடது

2023 ஆகஸ்ட் 18-ல ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. வட்டி மாறும்போது தவணையோ காலமோ மாறினா பேங்க் உடனே தெரிவிக்கணும். தவணையை ஏத்துறதா, காலத்தை நீட்டுறதா, ரெண்டும் கலந்தா, கொஞ்சமோ முழுசாவோ முன்கூட்டியே கட்டுறதான்னு கடன்காரர் தேர்வு செய்ய வழி தரணும். காலத்தை நீட்டுறதால கடன் வளர்ற நிலைமை வரக் கூடாது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை, இதுவரை வசூலான அசல், வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணை, வட்டி விகிதம் எல்லாம் இருக்குற எளிய அறிக்கை தரணும்.

நல்ல விதிதான். ஆனா என் பார்வைல, வழி இருக்குறது வேற, அது கண்ணுல படுறது வேற. மெசேஜ்ல "மீதித் தவணைகள் 348"னு வந்தா அதோட விலை என்னன்னு நம்ம ஷீட்தான் சொல்லும். மச்சான் கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து தவணையை 18,525 ஆக்கினான்.

"அந்த 2,006 ரூபாயை எஸ்.ஐ.பி-ல போடலாமே ப்ரோ?"ன்னு சில பேர் கேப்பீங்க. போடலாம். ஆனா கடனைக் குறைச்சா 9.5% மிச்சம் நிச்சயம், எஸ்.ஐ.பி வருமானம் நிச்சயமில்ல. தவிர, அந்தப் பணத்தை 19 வருஷம் நிறுத்தாம போடுறவங்க எத்தனை பேர்னு உங்க மனசுக்குத் தெரியும். ரெண்டு நம்பரையும் பார்த்துட்டு எடுக்குற முடிவா இருந்தா எனக்கு ஆட்சேபணை இல்ல. பார்க்காம எடுக்குற முடிவுதான் தப்பு.

பேங்க் கணக்கோட ஒத்துப் பாருங்க

உங்க ஷீட்டும் பேங்க் ஸ்டேட்மெண்ட்டும் ரூபாய்க்கு ரூபாய் ஒத்துப்போகாது. நிறைய பேங்க் நாள் கணக்குல வட்டி போடும். 20 லட்சத்துக்கு 31 நாள் மாசத்துல 11,890 வரும், பிப்ரவரில 10,740 வரும். இது வருஷத்துல கிட்டத்தட்ட நேராயிடும், பயப்பட வேணாம். கட்டுமானத்துல இருக்குற வீடுன்னா, பணம் தவணை தவணையா வெளிய வர்றப்ப வெறும் வட்டி மட்டும் போகும். ஷீட்டை முழுத் தவணை தொடங்குற மாசத்துலருந்து ஆரம்பிங்க.

கவனிக்க வேண்டியது வேற. வித்தியாசம் ஏறி இறங்காம ஒரே பக்கமா வளர்ந்துட்டே போனா, உங்களுக்குத் தெரியாம வட்டி மாறியிருக்கு, இல்ல காப்பீட்டு பிரீமியமோ கட்டணமோ கடன்ல ஏறியிருக்குன்னு அர்த்தம். வருஷக் கடைசில வரிக்காக வாங்குற வட்டிச் சான்றிதழ்ல அசல், வட்டி ரெண்டும் தனித்தனியா இருக்கும். அதை E, F பத்திகளோட கூட்டுத்தொகையோட ஒப்பிட்டாலே போதும். வீட்டு வசதி நிதி நிறுவனத்துல கடன் வாங்கினவங்க ரெப்போவைப் பார்த்து வட்டியைக் கணிக்காதீங்க. அந்த 2019 விதி அவங்களுக்குப் பொருந்தாது, ஸ்டேட்மெண்ட்ல இருக்குற வட்டியைத்தான் போடணும்.

வட்டி இறங்கினப்பவும் அதே கேள்வி

2025 பிப்ரவரில ரெப்போ இறங்க ஆரம்பிச்சு டிசம்பர்ல 5.25% ஆச்சு. மச்சானுக்கு 8.25%. 18,525 வீதம் 24 மாசம் கட்டின பிறகு பாக்கி சுமார் 18.72 லட்சம், மீதி 204 மாசம்னு வைங்க. தவணையைக் குறைச்சா 17,092. குறைக்காம அதே 18,525 கட்டினா 174 மாசத்துல முடிஞ்சிடும். 30 மாசம் மிச்சம், ரூபாயில சுமார் 2.8 லட்சம். அவன் ஷீட்டைத் திறந்து பார்த்துட்டு எனக்கு போன் பண்ணினான்: "மாப்ள, தவணை அப்படியே இருக்கட்டும்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

இதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல. பேங்க் ஆப்பைத் திறங்க. பாக்கி, வட்டி, தவணை, மீதி மாசம் நாலையும் எடுங்க. ஷீட்ல போட்டு F பத்தியைப் பாருங்க. மாறும் வட்டிக் கடனை தனிநபர் முன்கூட்டியே கட்டினா அபராதம் கிடையாதுங்கறதையும் ஞாபகம் வச்சுக்கங்க. உங்க F பத்தில இந்த மாசம் எவ்வளவு வந்துச்சுன்னு வீடியோ கமெண்ட்ல சொல்லுங்க, பேசுவோம்.