லாபம் என்று எழுதப்பட்ட நட்டம்

ஒரு வியாபாரி திங்கட்கிழமை காலையில் டாலர்–யென் ஜோடியில் ஒரு லாட், அதாவது 1 லட்சம் டாலர், 150.00 யென் விலையில் விற்கிறார். டாலர் இறங்கும் என்பது அவர் கணிப்பு. இறங்கத்தான் செய்தது, ஆனால் நத்தை வேகத்தில். அடுத்த வார வியாழக்கிழமை பகலில் 149.80க்குத் திரும்ப வாங்கி முடித்துவிடுகிறார். டாலருக்கு 0.20 யென் வீதம் 20,000 யென் லாபம். மாதக் கடைசியில் அவருடைய நிரல் தயாரித்துக் கொடுத்த அறிக்கையிலும் அந்த வரி பச்சை நிறத்தில் 20,000 என்றே நிற்கிறது. கணக்கில் இருந்த பணமோ 10,000 யென் குறைந்திருக்கிறது.

விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட உதாரணம் இது. வட்டி அளவுகள் மட்டும் 2024 மார்ச் கடைசியில் இருந்தவற்றை ஒட்டியவை. அந்த 30,000 யென் எங்கே போனது என்பதைப் புரிந்துகொண்டால், லாபக் கணக்குப் போடும் நிரலில் எதைத் திருத்த வேண்டும் என்பதும் புரிந்துவிடும்.

டாலரை விற்று யென் வாங்குவது என்றால், உண்மையில் டாலரைக் கடன் வாங்கி அதை யெனாக வைத்திருப்பது. கடன் வாங்கிய நாணயத்துக்கு வட்டி கட்ட வேண்டும். கையில் இருக்கும் நாணயத்துக்கு வட்டி வரும். அப்போது அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 5.25 முதல் 5.50 சதவீதம். எட்டு ஆண்டு எதிர்மறை வட்டியை ஜப்பான் வங்கி மார்ச் 19 அன்றுதான் கைவிட்டு, 0 முதல் 0.1 சதவீதம் என்ற நிலைக்கு வந்திருந்தது. 1 லட்சம் டாலருக்கு ஆண்டுக்கு 5.3 சதவீதம் என்று வைத்து 360ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 14.7 டாலர், ஏறக்குறைய 2,200 யென். மறுபக்கம் 1.5 கோடி யெனுக்குக் கிடைக்கும் வட்டி ஒரு நாளுக்கு 40 யென்கூடத் தேறலாம், அவ்வளவுதான். இடைவெளி 2,160 யென். புரோக்கர் தன் பங்கையும் சேர்த்து விற்றவரிடம் 2,500 யென் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதே இரவில் டாலரை வாங்கி வைத்திருப்பவருக்கு 2,160 யென் முழுதாக வராது. அதிலும் புரோக்கரின் பங்கு கழியும். சந்தையில் இதை ஸ்வாப் என்கிறார்கள்.

சரி, எத்தனை இரவு? திங்கள் முதல் அடுத்த வாரப் புதன் வரை நியூயார்க் மாலை 5 மணியைப் பொசிஷன் எட்டு முறை கடந்திருக்கிறது. எட்டை 2,500ஆல் பெருக்கினால் 20,000. லாபமும் செலவும் சரிக்குச் சரி என்று தோன்றும். ஆனால் கணக்கில் எடுக்கப்பட்டது 12 நாள் வட்டி. டாலர்–யென் வியாபாரத்தில் பணம் கைமாறுவது இரண்டு வேலை நாள் கழித்து. திங்கட்கிழமை விற்றதற்குத் தீர்வு நாள் புதன். அடுத்த வார வியாழனன்று வாங்கியதற்குத் தீர்வு நாள் அதற்கடுத்த திங்கள். அந்தப் புதனிலிருந்து இந்தத் திங்கள் வரை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தால் சரியாக 12 நாள். புதன் இரவு பொசிஷனைத் தள்ளிவைக்கும்போது தீர்வு நாள் வெள்ளியிலிருந்து திங்களுக்குத் தாவுவதால் அந்த ஒரே இரவில் மூன்று நாள் வட்டி விழுகிறது. நம் வியாபாரி இரண்டு புதன்களைக் கடந்தவர். 12 நாளுக்கு 30,000 யென். கணக்கு நேர்.

இந்த மூன்று நாள் வட்டி எல்லா ஜோடிக்கும் புதனில் விழாது. டாலர்–கனடா டாலருக்குத் தீர்வு ஒரே வேலை நாளில் என்பதால் அங்கே வழக்கமாக வியாழன். ஜப்பானிலோ அமெரிக்காவிலோ விடுமுறை குறுக்கிட்டால் இந்த எண்ணிக்கையும் மாறும். மே மாதத் தொடக்கத்தில் வரும் ஜப்பானியத் தொடர் விடுமுறையை ஒட்டி ஒரே இரவில் பல நாள் வட்டி சேர்ந்து விழுவது அங்குள்ள சில்லறை வியாபாரிகளுக்குப் பழக்கமான விஷயம். அதனால்தான் வட்டி விகிதத்தை வைத்து நிரல் தானே ஸ்வாப் கணக்கிட்டு லாபத்தில் சேர்க்கும் முறையை நான் ஏற்பதில்லை. புரோக்கரின் பங்கு தினமும் மாறும், விடுமுறை மாறும். அறிக்கையில் ஏற வேண்டியது கணக்கில் உண்மையில் பதிவான தொகை. சொந்தக் கணிப்பை அதற்குப் பக்கத்தில் சரிபார்ப்பாக வைத்துக்கொள்ளலாம்.

பதிவான தொகையை எடுப்பது ஒன்றும் கடினமில்லை. பரவலாகப் புழங்கும் மெட்டாட்ரேடர் 5 மென்பொருளில் விலை லாபம் ஒரு புலத்திலும் ஸ்வாப் வேறொரு புலத்திலும் இருக்கின்றன. `DEAL_PROFIT` என்ற பெயரைப் பார்த்து, முழு லாபமும் அதில் இருக்கிறது என்று நம்பிவிடுவதில்தான் பிழை தொடங்குகிறது. ஒவ்வொரு டீலுக்கும் கூட்ட வேண்டியது இது:

```
double net = HistoryDealGetDouble(t, DEAL_PROFIT)
           + HistoryDealGetDouble(t, DEAL_SWAP)
           + HistoryDealGetDouble(t, DEAL_COMMISSION)
           + HistoryDealGetDouble(t, DEAL_FEE);
```

செலவு ஏற்கெனவே எதிர்மறைக் குறியோடு வருவதால் எல்லாவற்றையும் கூட்டினாலே போதும். கழிக்கப் போனால் செலவு வரவாகிவிடும். மேலே சொன்ன வியாபாரத்தில் இந்த வரி −10,000 என்று காட்டும். வெற்றி விகிதத்தையும் இந்தத் தொகையை வைத்தே எண்ண வேண்டும். விலையை மட்டும் பார்க்கும் நிரல் இந்த வியாபாரத்தை வெற்றிகளில் சேர்த்து, இதே போல நாள்கணக்கில் பிடித்து வைத்திருக்கும் உத்தியை நல்ல உத்தி என்று பரிந்துரைக்கும். ஒரு வரிப் பிழை அடுத்த மாதத்து முடிவுகளையும் கெடுக்கும் வழி அது.

இந்த வரியோடு வேலை முடியவில்லை. ஸ்வாப் தினமும் சேர்ந்தாலும், பொசிஷன் திறந்திருக்கும் வரை அது பொசிஷனிலேயே தங்கி, முடிக்கும்போதுதான் மொத்தமாக டீலில் இறங்குகிறது. பிப்ரவரி 20 அன்று திறந்து மார்ச் 15 அன்று மூடினால், பிப்ரவரியில் கட்டிய வட்டியும் மார்ச் கணக்கிலேயே விழும். பிப்ரவரி அறிக்கை இருப்பதைவிட அழகாகத் தெரியும். மாதவாரியாக லாபப் பங்கு பிரித்துக்கொள்ளும் இருவருக்கு இடையே இது நேரடியான பண விவகாரம்.

தீர்வு, தினமும் ஒரு முறை ஒவ்வொரு திறந்த பொசிஷனின் `POSITION_SWAP` மதிப்பையும் எழுதி வைப்பது. இன்றைய மதிப்பிலிருந்து நேற்றைய மதிப்பைக் கழித்தால் நேற்றிரவு வட்டி. இதிலும் ஒரு பள்ளம் உண்டு. பொசிஷனில் பாதியை மூடினால், சேர்ந்திருந்த ஸ்வாப்பிலும் பாதி அந்த டீலோடு போய்விடும். 30,000 யென் செலவு சேர்ந்திருந்த பொசிஷனில், புது இரவின் வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தால், மறுநாள் 15,000 மட்டுமே தெரியும். நிரல் அதை ஒரே இரவில் 15,000 யென் வட்டி வரவாக எழுதிவிடும். இடையில் மூடிய டீல்களில் இறங்கிய ஸ்வாப்பைத் திரும்பக் கூட்டினால்தான் அந்த இரவின் உண்மையான தொகை கிடைக்கும்.

எழுதி வைக்கும் நேரமும் முக்கியம். நியூயார்க் மாலை 5 மணி என்பது டோக்கியோவில் கோடையில் காலை 6, குளிர்காலத்தில் காலை 7. ஆண்டு முழுவதும் டோக்கியோ நேரம் 6.30க்கு ஓடும்படி நிரலை அமைத்தால், ஏப்ரலில் சரியாக இருப்பது நவம்பரில் ஒரு நாள் பின்தங்கும். மாதக் கடைசி இரவின் வட்டி அடுத்த மாதத்துக்கு நழுவும். அது புதன் இரவாக இருந்தால் மூன்று நாள் வட்டி. நேரத்தை நியூயார்க் கடிகாரத்தோடு கட்டி, 5 மணிக்குப் பிறகு அரை மணி விட்டு ஓட்டுவது நல்லது. சரியாக 5 மணிக்கு வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகன்று கிடக்கும். அப்போது பொசிஷனின் விலை லாபத்தையும் சேர்த்து எடுத்தால் அதில் இல்லாத நட்டமும் சேர்ந்துவிடும்.

அறிக்கையில் நிகரத் தொகையோடு நின்றுவிடாமல், விலையால் வந்தது இவ்வளவு, வட்டியால் வந்தது இவ்வளவு என்று இரண்டு பத்திகள் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஸ்வாப் வரவு ஏமாற்றவும் செய்யும். துருக்கி லிராவை வாங்கி வைத்த ஜப்பானியச் சிறு முதலீட்டாளர்களுக்கு நாள் தவறாமல் வட்டி வந்தது. 2015 தொடக்கத்தில் 50 யெனை ஒட்டி இருந்த லிரா 2024 முடிவில் 5 யெனுக்கும் கீழே. தினமும் ஏறும் வட்டிப் பத்தியை மட்டும் பார்த்தவருக்கு இந்தச் சரிவு உறைத்திருக்காது.

நம் ஊர் வாசகருக்கு ஒரு குறிப்பு. வெளிநாட்டு இணையத் தளங்களில் இப்படி மார்ஜின் கட்டி நாணய வியாபாரம் செய்ய இந்தியாவில் வசிப்பவருக்குச் சட்ட அனுமதி இல்லை. அங்கீகாரமற்ற தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே வெளியிட்டது. இங்கே பங்குச் சந்தையில் நடக்கும் டாலர்–ரூபாய் ஃபியூச்சர்ஸில் ஸ்வாப் என்று தனி வரி கிடையாது. வட்டி வித்தியாசம் ஒப்பந்த விலையிலேயே கலந்திருந்து, முதிர்வு நெருங்க நெருங்கக் கரைகிறது. அங்கே ஸ்வாப்பைத் தனியாகக் கூட்டினால் ஒரே செலவை இரண்டு முறை எழுதியதாகும்.

பழைய விலைகளை வைத்து உத்தியைச் சோதிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெட்டாட்ரேடரின் சோதனைக் கருவி வழக்கமாக இன்றைய ஸ்வாப் அளவையே பழைய நாட்களுக்கும் போடுகிறது. 2020 மார்ச் நடுவிலிருந்து 2022 மார்ச் நடு வரை அமெரிக்க வட்டி கிட்டத்தட்ட சுழியம். 2024இல் உட்கார்ந்து அந்த இரண்டு ஆண்டுகளைச் சோதித்தால், டாலரை வாங்கி வைத்த உத்திக்கு யாரும் கொடுத்திராத 5 சதவீத வட்டி லாபமாகச் சேரும். இங்கும் இரண்டு பத்திகள் இருந்தால் வட்டிப் பத்தி தேவைக்கு மேல் பருத்திருப்பது உடனே கண்ணில் படும். அந்தக் காலத்து வட்டி விகிதங்களை ஒரு கோப்பில் வைத்து, ஸ்வாப்பை நீக்கிய முடிவோடு தனியே சேர்ப்பதுதான் நேர்மையான வழி. புரோக்கரின் பங்கைத் தோராயமாகத்தான் கழிக்க முடியும். அது தோராயம் என்பதை அறிக்கையிலேயே எழுதிவிடலாம்.

நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நான் நம்புவது ஒரே ஒரு கழித்தலை. ஈக்விட்டியிலிருந்து பேலன்ஸையும், புரோக்கர் கொடுத்த கிரெடிட் இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். வரும் தொகை, திறந்த பொசிஷன்களின் விலை லாபத்தையும் ஸ்வாப்பையும் கூட்டினால் கிடைக்கும் தொகைக்குச் சமமாக இருக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் மட்டும் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தால் மூன்று நாள் வட்டி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. நாள்கணக்கில் பொசிஷன் திறந்திருந்தும் ஸ்வாப் பத்தி முழுக்கச் சுழியமாகவே இருந்தால், பொசிஷன் தொடங்கிய விலையைப் பார்க்க வேண்டும். சில புரோக்கர்கள் இரவில் பொசிஷனை மூடி, வட்டியைச் சேர்த்த புது விலையில் மீண்டும் திறக்கிறார்கள். அந்தக் கணக்கில் 150.00க்கு விற்றது மறுநாள் 149.975க்கு விற்றதாகக் காட்டும், அந்த 0.025 யென்தான் 2,500 யென் வட்டி.