விளைவை அறிதல் வேறு, தன்னை அடக்குதல் வேறு

சாதி மீறிக் காதலித்த 17 வயதுத் தலித் சிறுவன்மீது போக்சோ வழக்குப் பதிவாகிறது என்று கொள்வோம். குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு என்பதால் அது கொடிய குற்றமாகிவிடுகிறது. அவனை வயதுவந்தோராக விசாரிக்கலாமா என்பதை முடிவுசெய்ய, விளைவை உணரும் திறனையும் மதிப்பிடச் சொல்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 15ஆம் பிரிவு.

அமைதியான அறையில் நிதானமாகக் கேட்டால், "விளைவு தெரியும்" என்பான். அந்த அறிவு 16 வயதளவில் முதிர்ந்துவிடுகிறது. உணர்ச்சி மேலிடுகையில் தடுத்துநிறுத்தும் முன்மூளைப் புறணியோ 25 வயதையொட்டியே முழுமை பெறுகிறது.

குழுமத்தில் குழந்தை உளவியல் அல்லது உளமருத்துவப் பட்டம் பெற்றவர் இல்லையெனில் வல்லுநர் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்த வல்லுநரிடம் நாம் கேட்க வேண்டியது: அளந்தது அறிவையா, அடக்கத்தையா?