அப்பப்பாவின் சாய்ந்த டைலும் பன்னிரண்டு பெட்டியும்

போன இலையுதிர் காலத்தில எங்கட குசினித் தரையை மாற்றினோம். ஃப்ரிபூர்க், ஷோன்பேர்க் பக்கம், மூன்றாம் மாடி. லிஃப்ட் சின்னது. ஒரு பெட்டி டைல் ஏறத்தாழ 20 கிலோ. இதைச் சொல்லக் காரணம் இருக்கு: குறைஞ்சால் திரும்பப் போய் வாங்கலாம் எண்டு நினைக்கிறது சுலபம், தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

குசினி 3.80 மீற்றர் நீளம், 2.90 மீற்றர் அகலம். 11.02 சதுர மீற்றர். டைல் 30க்கு 30 செ.மீ., ஒரு பெட்டியில 11. கடைக்காரர் பரப்பளவோட 5 சதவீதம் கூட்டி 12 பெட்டி, அதாவது 132 டைல் எழுதித் தந்தார். அவர் கணக்குப் பிழையில்லை. நாங்கள் நேராகப் போடுவோம் எண்டுதான் அவரிட்டச் சொன்னோம். வீட்டுக்கு வந்த பிறகு அப்பா, "ஊர் வீட்டு விறாந்தை மாதிரி சாய்ச்சுப் போடுவம், வடிவாயிருக்கும்" எண்டார். நானும் தலையாட்டினேன். கடைசி மூலையில ஐந்து டைல் குறைஞ்சது.

ஏன் குறைஞ்சது எண்டு அன்று இரவு என்ர மகள் தன்ர கணிதக் கொப்பியில போட்டுப் பார்த்தாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிஞ்ச பைத்தகரஸ் போதும். அதை அப்படியே சொல்கிறேன்.

முதலில் இடைவெளி. டைலுக்கும் டைலுக்கும் நடுவில கிரவுட் போடுற 3 மில்லிமீற்றரை ஒவ்வொரு டைலுக்கும் ஒருமுறை சேர்க்க வேணும். ஆகவே ஒரு டைல் தரையில பிடிக்கிற இடம் 30.3 செ.மீ. சதுரம். 11.02 சதுர மீற்றரை அதால் வகுத்தால் 120க்கு ஒரு பொட்டு மேல, 121 எண்டு எடுப்போம். இடைவெளியை மறந்து 30 செ.மீ.யால் வகுத்தால் 123 வரும். இரண்டு டைல்தான் வித்தியாசம். அதனால இடைவெளியைப் பற்றி அதிகம் தலையை உடைக்க வேண்டாம். ஆனால் 10 செ.மீ. சின்ன டைலுக்கு அதே 3 மில்லிமீற்றர் பெரிய விசயம்: அதே அறைக்கு 1102க்குப் பதிலாக 1039 போதும்.

நேராகப் போட்டிருந்தால்? 3.80 மீற்றரில 30.3 பன்னிரண்டரை தடவை போகுது, 2.90இல ஒன்பதரையை விடக் கொஞ்சம் கூட. அதாவது 13 வரிசை, 10 வரிசை. ஓரத்தில வெட்டின துண்டு அரையை விடப் பெரிசு, மிஞ்சினது அரையை விடச் சின்னது, அதை இன்னொரு ஓரத்துக்குப் பயன்படுத்த ஏலாது. ஆகவே 130 வேணும். கடைக்காரர் தந்த 132 அதுக்கு ஒரு மாதிரிப் போதும். ரெண்டு உடைஞ்சால் முடிஞ்சுது.

இப்ப சாய்வுக்கு வருவோம். டைலை 45 பாகை திருப்பினால் சுவரை நோக்கி நிக்கிறது அதன் மூலை. சுவரோரமாக ஒரு டைல் எடுக்கிற நீளம் அதன் மூலைவிட்டம்: 30.3 × 1.414 = 42.8, சுமாராக 43 செ.மீ. அறையின் சுற்றளவு 13.40 மீற்றர். அதை 43 செ.மீ.யால் வகுத்தால் 31. இந்த 31 இடத்திலும் என்ன நடக்குது எண்டதுதான் முழுக் கணக்கு.

ஒரு வைர வடிவ டைலைச் சுவர்க் கோடு வெட்டினால் ஒரு பெரிய துண்டும் ஒரு முக்கோணமும் வரும். பெரிய துண்டு தரைக்குப் போகும். அதுக்குப் பக்கத்தில, இரண்டு டைலுக்கு நடுவில, சுவரோட ஒட்டி ஒரு முக்கோண இடம் காலியாக நிக்கும். வெட்டினதில மிஞ்சின முக்கோணம் அந்த இடத்துக்குப் போதுமானதா எண்டால், கோடு எங்க விழுந்தது எண்டதைப் பொறுத்தது. போதுமானால் அந்த டைல் கிட்டத்தட்ட வீணாகாது. கொஞ்சம் சின்னதாகிப் போனால் புது டைலை வெட்ட வேணும். மகள் வெவ்வேறு இடத்தில கோடு கீறிப் பார்த்தாள். மோசமான இடத்தில ஒவ்வொரு 43 செ.மீ.க்கும் அரை டைல் வீண், சராசரியாகக் கால் டைல். அதாவது எங்கட அறைக்கு 8இல் இருந்து 16 டைல் வரை கூட.

121ஓட 16ஐச் சேர்த்தால் 137. இதுக்கு மேல உடைவுக்கு, தண்ணிக் குழாய்க்கு ஓட்டை போடேக்க பிளக்கிறதுக்கு மூன்று நாலு. 141 எண்டு வைத்தால் 13 பெட்டி, 143 டைல். நாங்கள் வாங்கினது 12 பெட்டி.

இதில ஒரு சங்கதி எனக்கே புதுசு. "சாய்வெண்டால் 15 சதவீதம் கூட்டு" எண்டு எல்லாரும் சொல்லுவினம். எங்கட 30 செ.மீ. டைலுக்கு அது சரிதான், 16 எண்டது 13 சதவீதம், உடைவோட 15ஐத் தாண்டும். ஆனால் இதே குசினிக்கு 60க்கு 60 டைல் எடுத்திருந்தால்? தேவை 31 டைல், மூலைவிட்டம் 85 செ.மீ., சுற்றளவில 16 இடம், மோசமான நிலையில 8 டைல். 31க்கு 8 எண்டால் 26 சதவீதம்! டைல் பெரிசாகப் பெரிசாக, அறை சின்னதாகச் சின்னதாக வீண் கூடும். அறை பெரிசெண்டால், அதே டைலுக்கு சதவீதம் குறையும். ஆகவே சதவீதத்தை நம்புறதை விடச் சுற்றளவை மூலைவிட்டத்தால் வகுத்துப் பாதி எடுத்துக் கூட்டுங்கோ. ஒரு நிமிச வேலை.

அளக்கேக்க சுவர் சரியாகச் சதுரமா எண்டும் பாருங்கோ. நீளத்தை மூன்று இடத்தில அளந்து பெரிசையே எடுக்க வேணும், முக்கியமாகக் கீழ் நகரத்துப் பழைய வீடுகளில. கதவு நிலைக்குள்ள போற துண்டும் கணக்கில வர வேணும், நாங்கள் அதை மறந்தோம்.

குறைஞ்ச ஐந்துக்காக ஒரு பெட்டி வாங்கப் போனால், கடையில இருந்தது வேற தொகுதி. பெட்டியில நிற எண்ணும் அளவு எண்ணும் எழுதியிருக்கும், இரண்டும் ஒன்றாயிருக்க வேணும். நிறம் மாறினால் கண்ணுக்குத் தெரியும். அளவு மாறினால் அதைவிட மோசம்: ஒரு டைலுக்கு ஒரு மில்லிமீற்றர் கூடினால், பன்னிரண்டு டைலுக்குப் பிறகு கோடு 12 மில்லிமீற்றர் விலகும். சாய்வில அறை முழுக்க ஓடுற நீளக் கோடு அப்படி விலகினால் வாசலில நிண்டே பிடிபடும். எங்களுக்கு அளவு எண் ஒன்று, நிறம்தான் ஒரு பொட்டு மஞ்சள்.

அப்பா கனநேரம் பேசேல்லை. பிறகு ஃபிரிட்ஜை அளந்தார். 60 செ.மீ. அகலம், 65 ஆழம். "அஞ்சும் பெரும்பாலும் அதுக்குக் கீழ மறைஞ்சிடும்" எண்டார். ஃபிரிட்ஜ் நிக்கிற இடத்தில ஏற்கெனவே ஒட்டின நல்ல டைல் ஐந்தை, ஒட்டுப் பசை காயமுதல் கிளப்பிக் கழுவி, கடைசி மூலைக்குக் கொண்டு போனோம். மகள் மிஞ்சின மஞ்சள் ஆறையும் பெட்டியோட நிலவறையில வைத்து, மேல தொகுதி எண்ணை எழுதி ஒட்டினாள். நேரத்துக்கு வாங்கியிருக்க வேண்டிய பதின்மூன்றாவது பெட்டி இப்ப அங்க இருக்கு, ஆனால் வேற நிறத்தில.