கோடிட்ட உயிரெழுத்துகள்

அட்டப்பாடியில் பதிவுசெய்த இருளர் மொழிக் கதைகளைக் கேட்டெழுதிவந்த தோழி மகப்பேறு விடுப்பில் சென்றபோது, அப்பணி என்னிடம் வந்தது. சில உயிரெழுத்துகளின்கீழ் அவர் கோடிட்டிருந்தார். ஐயத்துக்குரிய இடங்கள் போலும் என்று கருதி, முதல் நாளிலேயே நாற்பது கோடுகளை நீக்கினேன். உண்மையில் அவை நாவின் இடைப்பகுதியில் பிறக்கும் நடுவுயிர்கள். தமிழில் அவற்றுக்குத் தனி எழுத்தில்லை. இருளர் மொழியிலோ அவை பொருளையே வேறுபடுத்துவன. நல்லவேளை, மூலக் கோப்பின் படி ஒன்று இருந்தது.

பிறர் பணியை ஏற்பவர், அவர் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கலாகாது என்பதே என் கருத்து. அவர் முடித்துவிட்ட ஒலிப்பதிவில் ஐந்து நிமிடப் பகுதியை, அவர் எழுதியதைப் பாராமல் நாமே கேட்டெழுதிப் பின்னர் ஒப்பிட வேண்டும். ஒரே வகை ஒலியில் வேறுபாடு மீண்டும் மீண்டும் வருமாயின், அது பெரும்பாலும் அவர் தமக்கென வகுத்துக்கொண்டு எங்கும் குறித்துவைக்காத விதி. அங்குமிங்குமாகச் சிதறி வருமாயின், இருவரில் ஒருவரது செவிப்பிழை. எனக்கு இதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாயிருந்தது.

ஒப்பிட்டு அறிய இயலாதது ஒன்றுண்டு. கதை சொன்ன மூதாட்டி, பிறருக்குப் போட்டுக்காட்ட வேண்டாம் என்று தோழியிடம் வாய்மொழியாகச் சொன்னவை எவை என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. தொலைபேசியில்தான் கேட்டறிந்தேன். இரண்டு கதைகள், அவற்றுள் ஒன்றை அடுத்த வாரக் கருத்தரங்குக்கு எடுத்துவைத்திருந்தேன்.