காமிராவின் கண்ணும் ஒற்றை அறை வீடும்

வீட்டிலிருந்தே பரீட்சை எழுதலாம், பஸ் செலவு மிச்சம், அலைச்சல் மிச்சம் என்று சொல்லி ஒரு புதிய முறை நமது பிள்ளைகளின் தலைமேல் வந்து இறங்கியிருக்கிறது. கல்லூரிப் பரீட்சையிலும், கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்விலும் இது புகுந்துவிட்டது. மேற்பார்வையாளர் மேஜைக்கு மேஜை நடந்து பார்த்த இடத்தில் இப்போது லேப்டாப்பின் காமிரா பார்க்கிறது, மைக் கேட்கிறது, பிரவுசர் ஒவ்வோர் அசைவையும் எண்ணிக் குறித்து வைக்கிறது.

காப்பியடிப்பதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. விழித்திருந்து படித்த ஏழைப் பிள்ளைக்குத்தான் காப்பியால் முதல் நஷ்டம். நாம் கேட்பது வேறு. இந்த விதிகள் யாருடைய வீட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டன?

குமாரபாளையத்தில் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் மகளை எடுத்துக் கொள்வோம். ஓர் அறையும் ஒரு சமையற்கட்டும் உள்ள வீடு. இரவல் வாங்கிய பழைய லேப்டாப். இணையம் அப்பாவின் செல்போனிலிருந்து வர வேண்டும். காலை 10 மணிக்கு இரண்டு மணி நேரப் பரீட்சை. தனி அறை வேண்டும், வேறு யாரும் வரக் கூடாது, குரல் கேட்கக் கூடாது, அறையில் செல்போன் இருக்கக் கூடாது என்று விதித்தாள் சொல்கிறது. பக்கத்து வீட்டுத் தறியோ காலை முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. இணையமே செல்போனில் வரும்போது செல்போனை எங்கே கொண்டு போய் வைப்பது?

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். யந்திரம் குற்றத்தைப் பார்ப்பதில்லை, அடையாளங்களைத்தான் பார்க்கிறது. இரண்டாவது முகம் தெரிந்தால் ஒரு குறி. முகம் மறைந்தால் ஒரு குறி. சத்தம் எழுந்தால் ஒரு குறி. தண்ணீர் எடுக்க வந்த தம்பியும், விடை சொல்லிக் கொடுக்க வந்த ஆளும் அதற்கு ஒன்றுதான்.

பிரவுசரின் கதையும் இதுவே. பரீட்சை ஜன்னல் முன்னால் இருக்கிறதா, பின்னால் போய்விட்டதா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். மாணவி விடை தேடிப் போனாலும், வைரஸ் தடுப்பு மென்பொருளின் அறிவிப்பு தானாக முன்னால் குதித்தாலும், ஜன்னலை விட்டுப் போனதாகவே கணக்கு ஏறலாம். இதைவிடக் கடுமையான பூட்டும் உண்டு. ஜூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான Safe Exam Browser பரீட்சை முடியும்வரை அனுமதிக்கப்படாத வேறு எந்த மென்பொருளையும் திறக்க விடாது. அது விண்டோஸிலும் ஆப்பிள் கருவிகளிலும்தான் ஓடும். ஆண்ட்ராய்டு செல்போனில் ஓடாது. கையில் செல்போன் மட்டுமே உள்ள பிள்ளை அந்தப் பரீட்சையின் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

விதியை நாளைக்கே மாற்றிவிட முடியாது. பரீட்சையோ நாளைக்கே வருகிறது. ஆகவே முந்தைய நாள் என்ன செய்ய வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

பரீட்சை நடக்கும் அதே நேரத்தில், அதே இடத்தில், அதே லேப்டாப்பில், அதே இணையத்தில் ஒத்திகை பார்க்க வேண்டும். இரவு 9 மணிக்குப் பார்த்தால் காலை 10 மணி வெளிச்சமும் தெரியாது, தறிச் சத்தமும் தெரியாது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டு போகும். யந்திரம் முகமே இல்லை என்று குறிக்கும். வெளிச்சம் முகத்துக்கு எதிரே இருக்கட்டும்; முதுகுக்குப் பின்னே வெறுஞ்சுவர் இருக்கட்டும்.

அடுத்தது காமிரா அனுமதி. விண்டோஸ் 11 லேப்டாப்பில் Settings சென்று, Privacy & security என்பதில் Camera, Microphone இரண்டும் திறந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு பரீட்சைத் தளத்தில் நுழையும்போது பிரவுசர் கேட்கும் அனுமதிக்கு Allow கொடுக்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் காமிரா திறக்காது. Zoom போன்ற வேறொரு மென்பொருள் காமிராவைப் பிடித்து வைத்திருந்தாலும் படம் வராமல் போகலாம். அதை அடியோடு மூடிவிட வேண்டும். லேப்டாப்பில் பாக்கி நிற்கும் அப்டேட்டை முந்தைய நாளே முடித்து, ஒருமுறை அணைத்துத் திறந்து, அறிவிப்புகளை நிறுத்தி வைக்க வேண்டும்.

இணையத்துக்கு ஒரு சிறு கணக்கு. காமிராப் படம் விநாடிக்கு 500 கிலோபிட் வேகத்தில் மேலே போகிறது என்று வைத்தால், இரண்டு மணி நேரத்துக்கு 450 எம்.பி. ஆகும். நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டத்தில் இது தாராளமாக அடங்கும். ஆனால் காலையில் வீட்டார் அதே செல்போனில் படம் பார்த்துத் தீர்த்துவிட்டால், மீதி நேரம் நத்தை வேகம்தான். பரீட்சை முடியும்வரை அந்த டேட்டாவை வேறு யாரும் தொடக் கூடாது.

கடைசியாக, பெயர். நமது பிள்ளைகளின் அடையாள அட்டையில் தலைப்பெழுத்து மட்டும் இருக்கும். பரீட்சைப் பதிவில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். இரண்டும் ஒத்துப் போகவில்லை என்று நுழைவிலேயே நிறுத்தும் இடங்கள் உண்டு. இதையும், செல்போன் இணையம்தான் உண்டு என்பதையும், பக்கத்தில் தறி ஓடுவதையும் முன்கூட்டியே நிர்வாகத்துக்கு எழுதிப் பதில் வாங்கி வைக்க வேண்டும். வாய் வார்த்தை உதவாது. பரீட்சை நடுவே மின்சாரம் போனால், எத்தனை மணிக்குப் போயிற்று, எப்போது வந்தது என்று குறித்து அன்றே புகார் அனுப்ப வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும் குறி விழலாம். அப்போது அந்தக் குறியே தீர்ப்பாகிவிடக் கூடாது என்பதுதான் நமது வாதம். அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காமிராக் கண்காணிப்புடன் நடத்திய பரீட்சையில் ஏராளமான மாணவர்கள் தோற்றதாகவும், பலருடைய முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டதாகவும் வந்தபோது, எங்கும் எதிர்ப்புக் குரல் எழுந்தது. அந்த மே மாதத்திலேயே உயர்கல்வி அமைச்சர் மறுபரீட்சை அறிவிக்க நேர்ந்தது. மாணவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா?

கடல் கடந்தும் இதே வழக்குத்தான். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், பரீட்சைக்கு முன் காமிராவைச் சுழற்றிப் படுக்கையறையைக் காட்டச் சொன்ன ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் மீது ஒரு மாணவர் வழக்குத் தொடுத்தார். அப்படி அறையைத் துழாவுவது நியாயமற்ற சோதனை, அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணக்கார நாட்டிலேயே வீடு வீடுதான், பரீட்சைக் கூடமல்ல என்று நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது!

ஆகவே நாம் கோருவது இதுதான். வீட்டில் வசதியில்லாத மாணவருக்கு அருகிலுள்ள அரசுக் கல்லூரியில் கம்ப்யூட்டரும் இடமும் கொடு. பரீட்சைக்கு முன் அதே மென்பொருளில் ஒத்திகை நடத்து. யந்திரம் போட்ட ஒவ்வொரு குறியையும் ஓர் ஆசிரியர் பார்த்து, மாணவரிடம் விளக்கம் கேட்ட பிறகே முடிவு செய். அந்தப் பதிவை மாணவருக்கும் காட்டு.

ஒற்றை அறை வீட்டில் பிறந்தது மோசடி ஆகாது. அதை மோசடியாகக் கணக்கெழுதும் விதி எதுவாயினும் அது மாற்றப்பட்டே தீர வேண்டும்.