ரயிலில் இடமில்லை என்பதை எப்போது சொல்வது?

தீபாவளிக்கு நமக்குக் கிடைப்பது ஒரு நாள் பொது விடுமுறை. நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள். சீனப் புத்தாண்டுக்கும் பெரும்பாலான மாநிலங்களில் இரண்டு நாள். எண்ணெய்க் குளியல், கோயில், பெரியவர்கள் வீடு, திறந்த இல்ல உபசரிப்பு என்று எல்லாம் அந்த ஒரே நாளில் முடிய வேண்டும். அதே மாலையில் தைப்பிங்கிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் சுங்கைப்பட்டாணியிலிருந்தும் கிள்ளான் பள்ளத்தாக்குக்குத் திரும்ப வேண்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்பட்டால் இடம் எப்படிப் போதும்? மறுநாள் காலை எட்டரை மணிக்கு, "சாரி, டிரெயின் ஃபுல், லேட்டா வருவேன்" என்று மேற்பார்வையாளருக்குப் புலனத்தில் செய்தி போகிறது.

இந்தச் செய்தி பொய்யில்லை. ஆனாலும் படிப்பவருக்கு அது பொய் போலத்தான் தெரியும். அதற்குக் காரணம் வார்த்தைகள் இல்லை, அது போய்ச் சேர்ந்த நேரம்.

இடிஎஸ் ரயிலில் எல்லா இருக்கைகளும் முன்பதிவு. கொமுட்டரில் நிற்பது போல் அதில் நின்றுகொண்டு வர முடியாது. ஆகவே திங்கள் மாலை ரயில் நிரம்பிவிட்டது என்பது திங்கள் மாலை தெரியவரும் செய்தியில்லை. டிக்கெட் தேடிய அன்றே தெரிந்த செய்தி. பெருநாள் காலங்களில் கேடிஎம் கூடுதல் ரயில் விடும்போதும் அதற்கும் முன்பதிவுதான். மேற்பார்வையாளரும் ஊருக்குப் போய் வருபவர்தானே, இது அவருக்கும் தெரியும். செவ்வாய் காலை 8.40க்கு "இடம் கிடைக்கவில்லை" என்றால், அதை ஏன் போன வாரமே சொல்லவில்லை என்றுதான் அவர் யோசிப்பார்.

பேருந்து வழியில் மாட்டிக்கொள்வது வேறு கதை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சுங்காய் தாண்டி வண்டி நகராமல் நிற்கும் என்று யாரும் முன்கூட்டியே சொல்ல முடியாது. இடமில்லாமை முன்பே தெரிவது, நெரிசல் வழியில் தெரிவது. இரண்டையும் "ஜேம்" என்ற ஒரே சொல்லில் போட்டு அனுப்பும்போது உண்மையான காரணமும் சாக்காகிவிடுகிறது.

சட்டமும் ஏறக்குறைய இதே பிரிவைத்தான் பார்க்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி, அனுமதியில்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாட்களுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படலாம். அதிலிருந்து தப்ப நியாயமான காரணம் மட்டும் போதாது. அந்தக் காரணத்தை முன்கூட்டியோ, முடிந்த முதல் வாய்ப்பிலோ முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அல்லது தெரிவிக்க முயன்றிருக்க வேண்டும். "முயன்றிருக்க வேண்டும்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தோட்டத்து வீட்டில் லைன் கிடைக்காமல் நான்கு முறை அழைத்துப் பார்த்தவருக்கு, கைப்பேசியில் உள்ள அந்த அழைப்புப் பதிவும் ஒரு சான்றுதான். அதை அழித்துவிட வேண்டாம்.

மாணவர்களை இதைவிட அதிகமாகத் தொடுவது 60டி பிரிவு. பொது விடுமுறைக்கு முந்திய அல்லது அடுத்த வேலை நாளில் அனுமதியும் நியாயமான காரணமும் இல்லாமல் வராவிட்டால், அந்த விடுமுறை நாளின் சம்பளமும் கிடைக்காமல் போகலாம். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளி வாங்குபவருக்குச் சட்டக் கணக்குப்படி அதை 26 ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 சென். மறுநாள் வேலைக்குப் போகாததால் போகும் பணம் தனி. தீபாவளி நாளுக்கான 65 வெள்ளியும் சேர்ந்து போகிறது. படித்துக்கொண்டே வேலை செய்யும் நமக்கு அது இரண்டு வாரச் சாப்பாட்டுச் செலவில் பெரும்பகுதி. அரை நாள் தாமதத்தை முழுநாள் வராமையாக எண்ணக்கூடாது. ஆனால், வருகிறாரா இல்லையா என்றே தெரியாத நிலையில் கணக்குப் பிரிவு என்ன பதிவு செய்யும் என்பது வேறு விஷயம்.

தொழிலியல் பயிற்சியில் இருப்பவர்களுக்கு நிலைமை கொஞ்சம் மாறும். அவர்களுக்கு நிறுவனமும் பல்கலைக்கழகமும் கொடுத்த கடிதமே முதல் விதி. வருடாந்திர விடுப்பு என்ற ஒன்றே அதில் இல்லாமல் இருக்கலாம். அவர்களுக்கு இரண்டு மேற்பார்வையாளர்கள் வேறு. நிறுவனத்தில் உள்ளவருக்கே முதலில் சொல்ல வேண்டும். முழுநாள் வராவிட்டால் விரிவுரையாளருக்கும் தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் பயிற்சிப் பதிவேட்டில் அந்த நாள் வெற்றிடமாக நிற்கும்.

போன ஆண்டு தீபாவளியை எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 20, திங்கள். செவ்வாய் காலை 8.30க்கு வேலை. தைப்பிங்கைச் சேர்ந்த ஒரு மாணவர் பிரிக்பீல்ட்ஸில் அறை எடுத்துத் தங்கி, ஓர் அலுவலகத்தில் பயிற்சி செய்கிறார் என்று வைப்போம். வியாழக்கிழமை டிக்கெட் தேடுகிறார். திங்கள் மாலை ரயில் இல்லை. கமுந்திங்கிலிருந்து புறப்படும் பேருந்துகளிலும் இடமில்லை. செவ்வாய் காலை பத்து மணி வாக்கில் ஒரு ரயிலில் இருக்கை இருக்கிறது. அவர் அனுப்ப வேண்டிய செய்தி வியாழக்கிழமையே போக வேண்டும், இப்படி:

"வணக்கம் புவான். 21ஆம் தேதி செவ்வாய் காலை 8.30க்கு என்னால் வர இயலாது. பிற்பகல் 3 மணிக்கு வர முடியும். திங்கள் மாலை தைப்பிங்கிலிருந்து ரயிலிலும் பேருந்திலும் இடமில்லை. செவ்வாய் காலை ரயிலுக்கு டிக்கெட் வாங்கியுள்ளேன், படம் இணைத்திருக்கிறேன். செவ்வாய் காலை தர வேண்டிய வாரப் பட்டியலை நாளை மாலைக்குள் முடித்து அனுப்பிவிடுகிறேன். இதை அரை நாள் விடுப்பாகக் கொள்ளலாமா, அல்லது வேறு நாளில் ஈடுசெய்யட்டுமா?"

முதல் வரியிலேயே தேதியும் நேரமும் வந்துவிட்டன. மேற்பார்வையாளர் கூட்டத்தின் நடுவே கைப்பேசியை எட்டிப் பார்த்தாலும் அவருக்குத் தேவையானது கிடைத்துவிடும். காரணம் ஒரே வரி. நம்மில் பலர் இந்த இடத்தில்தான் நீட்டுகிறோம்: அம்மா சொன்னார், தாத்தாவுக்குப் படையல், இது எங்கள் வழக்கம் என்று. தீபாவளி என்றால் என்னவென்று இந்த நாட்டில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஊருக்குப் போனதற்கு மன்னிப்புக் கேட்பது போல எழுதுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. பாலேக் கம்போங் எல்லாருக்கும் உள்ளதுதான்.

செய்தியின் பலம் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. நான் வராத நேரத்தில் நின்றுபோகும் வேலை எது, அதை என்ன செய்தேன் என்பது ஒன்று. மற்றது கேள்வி. "வர மாட்டேன்" என்று அறிவிக்காமல் "எப்படிக் கணக்கில் எடுக்கலாம்" என்று கேட்டால் பதில் வரும். "சரி, அரை நாள் போடுகிறேன்" என்று வரும் அந்தப் பதில்தான் சட்டம் கேட்கும் முன் அனுமதி. பதில் வராவிட்டால் வெள்ளிக்கிழமை நேரில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. நீல நிற டிக் மட்டும் அனுமதி ஆகாது.

இச்செய்தியைப் பெரும்பாலும் மலாயில்தான் எழுதுவோம், அங்கே ஒரு சிக்கல் உண்டு. "லெவாட்" என்றால் தாமதம், "தீடாக் ஹாடிர்" என்றால் வரவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு வருபவர் முதல் சொல்லை மட்டும் எழுதினால், அரை மணி நேரம் பிந்துவார் என்று அவர்கள் காத்திருப்பார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்தில் மணியைப் போட்டுவிட்டால் குழப்பமில்லை.

இனி வழியில் மாட்டுவது. டிக்கெட் கிடைத்து, பேருந்தில் ஏறி, தஞ்சோங் மாலிமுக்கு முன்பே வண்டி ஊர்கிறது. "ஜேமில் இருக்கிறேன்" என்பதைவிட "தஞ்சோங் மாலிமைத் தாண்டவில்லை, 9.30க்கும் 10.30க்கும் இடையில் அலுவலகம் வருவேன்" என்பது பயனுள்ளது. வரைபடச் செயலி காட்டும் நிமிடத்தை அப்படியே அனுப்பினால் அரை மணிக்கு ஒருமுறை திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். மூன்றாவது திருத்தத்தில் நம்பிக்கை போய்விடும். ஒரு இடைவெளி கொடுத்துவிட்டு, அதுவும் மாறினால் மட்டும் மறுபடி எழுதலாம்.

இந்தக் கணக்கில் அடிக்கடி விடுபடுவது கடைசித் துண்டு. பேருந்து வந்து நிற்பது பண்டார் தாசேக் செலாத்தானில் உள்ள டிபிஎஸ் முனையத்தில். பயணச்சீட்டில் உள்ள நேரம் அங்கே இறங்கும் நேரம். அங்கிருந்து கொமுட்டரோ எல்ஆர்டியோ பிடித்து, பிரிக்பீல்ட்ஸில் பையை வைத்துவிட்டு, அலுவலகம் போக இன்னும் ஒரு மணி நேரம் ஆகலாம். கிள்ளானுக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் மோசம். கிள்ளான் சென்ட்ரல் பேருந்து முனையம் மேரு பக்கம் இருக்கிறது. கிள்ளான் கொமுட்டர் நிலையம் நகரத்துக்குள். பெயர் ஒன்றாக இருப்பதை நம்பி இறங்கினால், நடுவில் வாடகைக் காருக்கு அலைய வேண்டும்.

மாணவர்கள் மட்டும் ஒழுங்காக எழுதினால் போதுமா என்று கேட்டால், போதாது என்பேன். நோன்புப் பெருநாளில் அலுவலகங்கள் முன்கூட்டியே விடுப்புப் பட்டியல் போடுகின்றன. யார் போகிறார், யார் இருக்கிறார் என்று அப்போதே தெரியும். தீபாவளிக்கு அப்படிப் பட்டியல் போடும் இடங்கள் குறைவு, ஏனென்றால் போகிறவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அந்த இரண்டு மூன்று பேர் தனித்தனியாகச் செய்தி அனுப்பித் தயங்கி நிற்பதைவிட, பெருநாள் வாரத்தில் நாம் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வதற்கு ஈடாகத் தீபாவளிக்கு மறுநாளை நமக்குத் தாருங்கள் என்று முன்பே பேசி வைக்கலாம். பல அலுவலகங்களில் மூத்த ஊழியர்களிடையே இந்தக் கைமாற்று வழக்கம் சத்தமில்லாமல் நடக்கிறது. பயிற்சி மாணவர் என்பதால் கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

இவ்வாண்டு தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. ஞாயிறு ஓய்வு நாளாக உள்ளவர்களுக்குத் திங்கள் ஈடு விடுமுறை; செவ்வாய் 10ஆம் தேதி வேலை. ஞாயிறு மாலை தேடினால் திங்கள் காலை ரயிலில் இடம் இருக்காது. டிக்கெட் விற்பனை திறந்த வாரத்திலேயே தேடி, கிடைக்காவிட்டால் அன்றே மேற்பார்வையாளருக்கு எழுதிவிடுங்கள். கிடைத்துவிட்டால் எழுத ஒன்றுமே இல்லை.